அப்பாவுக்கு வந்த வரி நோட்டீஸ், மகள் பதில் சொல்லலாமா?

"என் அப்பாவுக்கு வயது 71. கடந்த ஆகஸ்ட்டில் பக்கவாதம் வந்து வலது கை விளங்காமல் போய்விட்டது. பேச்சு குழறுகிறது, ஆனால் நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரிகிறது. இப்போது அவர் பெயருக்கு 142(1) என்று போட்டு வருமான வரி நோட்டீஸ் வந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் விற்ற மனையைப் பற்றிக் கேட்கிறார்கள். பதில் சொல்ல இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. அப்பாவின் செல்போன் என்னிடம்தான் இருக்கிறது, ஓ.டி.பி. போட்டு நானே பதில் அனுப்பிவிடலாமா, இல்லை கடிதம் ஏதாவது வேண்டுமா? மூத்தவன் என்பதால் மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் பெயரில்தான் கடிதம் கொடுக்க வேண்டும் என்கிறார் சித்தப்பா. அண்ணனுக்கே ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது, அதையும் நான் பார்த்துக்கொள்ள முடியுமா?"
— வாசகி, கும்பகோணம்

முதலில் அந்த ஒன்பது நாளைப் பார்ப்போம், மற்றதெல்லாம் அப்புறம். கெடு தாண்டுவதற்கு முன்பே அவகாசம் கேட்டுவிடுங்கள். வருமான வரி இணையதளத்தில் அப்பாவின் கணக்கைத் திறந்து `e-Proceedings` பகுதிக்குப் போனால் அந்த நோட்டீஸ் இருக்கும், அதிலேயே `Seek/View Adjournment` என்று ஒரு பொத்தான் இருக்கிறது. காரணம் எழுதும் இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: வரி செலுத்துபவருக்குப் பக்கவாதம், வலது கை செயல்படவில்லை, மகளைப் பிரதிநிதியாக நியமித்துக்கொண்டிருக்கிறார், ஆவணங்கள் சேகரிக்க 15 நாள் தேவை. மருத்துவமனை டிஸ்சார்ஜ் சுருக்கத்தை ஸ்கேன் செய்து சேர்த்துவிடுங்கள். இதை அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவரிடம் சொல்லிவிட்டு, அவர் தலையசைத்த பிறகு செய்யுங்கள். அவகாசம் கேட்டதாலேயே அது கிடைத்துவிட்டது என்று ஆகாது, அதனால் ஒரு பக்கம் கேட்டுவிட்டு மறுபக்கம் வேலையை ஆரம்பித்துவிடுங்கள். பதிலும் சொல்லாமல் அவகாசமும் கேட்காமல் விட்டால் ஒவ்வொரு தவறுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட 272A பிரிவு இடம் கொடுக்கிறது. அதைவிடப் பெரிய சேதம் 144-ஆவது பிரிவில் இருக்கிறது: உங்கள் தரப்பு எதுவும் இல்லாமல், தன்னிடம் இருக்கும் தகவலை மட்டும் வைத்து அதிகாரி வரியைத் தீர்மானித்துவிடுவார். மனை விற்ற தொகை அவரிடம் இருக்கும், நீங்கள் வாங்கிய விலை அவரிடம் இருக்காது.

அதோடு நோட்டீஸ் உண்மையானதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். 2019 அக்டோபர் 1-லிருந்து துறை அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் டி.ஐ.என். என்ற அடையாள எண் இருக்க வேண்டும். இணையதளத்தின் முகப்பிலேயே `Authenticate Notice/Order Issued by ITD` என்று இருக்கும், உள்ளே நுழையாமலே அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். அப்படியே அந்த எண்ணைத் தாளில் குறித்து வையுங்கள், கடிதத்துக்கு வேண்டும்.

சரி, ஓ.டி.பி. விஷயம். உங்களை மாதிரி நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள், பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அப்பாவின் கணக்கில் நுழைந்து அவருடைய ஓ.டி.பி.யைப் போட்டு அனுப்பும் பதில், சட்டத்தின் பார்வையில் அப்பாவே சொன்ன பதில். "மனை வாங்க ரொக்கமாக இவ்வளவு கொடுத்தேன்" என்று நீங்கள் ஒரு தொகையை ஊகித்து எழுதினால், அதை எழுதியது அவர்தான். நாளைக்கு அதில் ஒரு முரண்பாடு வந்து அவரைக் கேட்டால், அவருக்கு அப்படி ஒரு பதில் போனதே தெரியாது. பேச்சு குழறும் ஒரு மனிதரை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். அவர் பக்கத்தில் இருக்க, அவர் சொல்லச் சொல்ல நீங்கள் தட்டச்சு செய்வது வேறு. அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையில் அவராக மாறிப் பதில் எழுதுவது வேறு. இரண்டாவதை விட்டுவிடுங்கள், ஏனென்றால் நேரான வழி இருக்கிறது, அதற்குப் பெரிய செலவும் இல்லை.

அந்த வழி 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 288-ஆவது பிரிவு. வரி செலுத்துபவர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்த ஒருவர் அவருக்காக அதிகாரி முன் ஆஜராகலாம், பதில் தரலாம் என்கிறது அது. யார் யாரெல்லாம் அப்படி வரலாம் என்ற பட்டியலில் வக்கீலும் ஆடிட்டரும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கெல்லாம் முன்னால், முதல் வரியிலேயே இருப்பது எந்த வகையிலாவது உறவினராக இருப்பவர். படிப்பு, பட்டம், பதிவு எதுவும் கேட்கவில்லை. மூத்தவன், இளையவள், ஆண், பெண் என்ற கணக்கும் அதில் இல்லை. சித்தப்பா சொல்வது ஈமச் சடங்குக்குப் பொருந்தலாம், இதற்கு இல்லை. கையெழுத்து வாங்கவும் ஆவணம் தேடவும் அதிகாரி திடீரென்று காணொளியில் கூப்பிட்டால் பேசவும் பக்கத்தில் இருப்பவர் நீங்கள், அதனால் உங்கள் பெயரில்தான் கொடுக்க வேண்டும். மருமகனோ மருமகளோ கூட வரலாம். பக்கத்து வீட்டுக்காரர், அப்பாவின் நண்பர் மட்டும் இந்த வரிசையில் வர முடியாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்தாலும், 2023 செப்டம்பரில் விற்ற மனையின் கணக்கு அடுத்த மதிப்பீட்டு ஆண்டான 2024-25-இல் வருவதால் அப்பாவின் நோட்டீஸுக்குப் பழைய சட்டமே தொடரும்.

உறவை எப்படி நிரூபிப்பது என்று கவலைப்பட வேண்டாம். உங்கள் பான் அட்டையை எடுத்துப் பாருங்கள், உங்கள் பெயருக்குக் கீழே அப்பாவின் பெயர் அச்சாகி இருக்கும். அவருடைய பான் அட்டையில் இருக்கும் பெயரும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் அதுவே போதுமான சான்று. ஒன்றில் இனிஷியலும் மற்றதில் முழுப் பெயரும் இருந்தால் பிறப்புச் சான்றிதழையோ பள்ளி மாற்றுச் சான்றிதழையோ கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கடிதம். இதற்கென்று சட்டம் ஒரு படிவம் வைக்கவில்லை, எழுத்து மூலம் இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டது. பத்திரத் தாள் வேண்டும், பதிவு செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர்கள் பவர் பத்திரத்தையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்கள். வெள்ளைத் தாள் போதும். ஆனால் தாளில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். "என் வரி விஷயங்கள் அனைத்தையும் என் மகள் பார்த்துக்கொள்வாள்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் எந்த ஆண்டு, எந்த நடவடிக்கை என்று தெரியாமல் அதிகாரி விளக்கம் கேட்பார். அதற்கு நேர்மாறாக, ரொம்பக் குறுக்கி எழுதினாலும் சிக்கல்தான். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில் மகன் பெயருக்குக் கொடுத்த கடிதத்தில் அந்த ஒரே ஒரு நோட்டீஸின் எண்ணை மட்டும் போட்டு, "இந்த நோட்டீஸுக்குப் பதில் அளிக்க" என்று முடித்திருந்தார்கள். மதிப்பீடு முடிந்தது, பின்னாலேயே அபராத நோட்டீஸ் வந்தது. அதற்குள் அப்பா பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போய்விட்டார், இந்திய சிம் அங்கே வேலை செய்யவில்லை, இணையதளத்தில் மாற்றுவதற்கு ஓ.டி.பி. வாங்க முடியவில்லை. ஒரே ஒரு வரி கூடுதலாக இருந்திருந்தால் அந்த மூன்று வார அலைச்சல் இல்லை. அதனால் நோட்டீஸ் எண்ணையும் சொல்லுங்கள், அந்த ஆண்டின் மதிப்பீடு முழுவதையும் அதை ஒட்டி வரும் அபராத நடவடிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் எழுதித் தரும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும். இதை அப்படியே எடுத்துக்கொண்டு உங்கள் விவரங்களை நிரப்பலாம்:

அனுப்புநர்: (பான் அட்டையில் உள்ளபடி அப்பாவின் பெயர், பான் எண், முகவரி)
பெறுநர்: (நோட்டீஸின் தலைப்பில் உள்ளபடி அதிகாரியின் பதவி, அலுவலகம்)
பொருள்: மதிப்பீட்டு ஆண்டு 2024-25, பிரிவு 142(1) நோட்டீஸ், டி.ஐ.என். (எண்), நாள் (தேதி). வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 288-இன்படி பிரதிநிதிக்கு அதிகாரம் அளித்தல்.

ஐயா,
பக்கவாதத்தால் என் வலது கை செயல்படாததால் மேற்கண்ட நோட்டீஸுக்கு நானே பதில் தயாரித்து அனுப்ப இயலவில்லை. ஆகவே என் மகள் (பெயர், பான் எண், முகவரி, செல்பேசி, மின்னஞ்சல்) அவர்களுக்கு, மேற்கண்ட மதிப்பீட்டு ஆண்டின் மதிப்பீட்டு நடவடிக்கையிலும் அதைத் தொடர்ந்து வரும் அபராத நடவடிக்கையிலும், என் சார்பில் ஆஜராகவும், விளக்கமும் ஆவணங்களும் அளிக்கவும், அவகாசம் கேட்கவும், நகல்களைப் பெறவும் அதிகாரம் அளிக்கிறேன். இந்த எல்லைக்குள் அவர் செய்வது என்னைக் கட்டுப்படுத்தும். கூடுதல் வருமானத்தையோ வரியையோ என் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் ஒப்புக்கொள்ளும் அதிகாரம் இதில் இல்லை.
இந்தக் கடிதம் எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டு இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.
இடம், நாள், பெருவிரல் ரேகை
சாட்சிகள் இருவர்: பெயர், முகவரி, கையெழுத்து
ஏற்றுக்கொள்கிறேன்: (மகளின் கையெழுத்து, நாள்)

இதைத் தமிழில் ஒரு பக்கமும் ஆங்கிலத்தில் ஒரு பக்கமுமாக எழுதுங்கள். இன்றைக்கு முகமில்லா மதிப்பீடு என்ற முறையில் உங்கள் கோப்பைப் பார்க்கும் அதிகாரி கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ இருக்க வேண்டிய அவசியமில்லை, நாட்டில் எந்த ஊரிலும் இருக்கலாம், அவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தமிழ்ப் பக்கம் அப்பாவுக்காக. எதற்கு ரேகை வைக்கிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டும், "படித்துக் காட்டப்பட்டது" என்ற வரி வெறும் வாசகமாக இருக்கக் கூடாது.

ரேகை ஏன் என்று கேட்பீர்கள், இடது கையால் கையெழுத்துப் போட்டால் என்ன என்றும் தோன்றும். போடலாம், செல்லாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோணல் கையெழுத்து பான் அட்டையில் இருப்பதோடு ஒத்துப்போகாது, பார்க்கிறவருக்கு இது வேறு யாரோ போட்டதோ என்ற சந்தேகம்தான் வரும். எழுத முடியாதவர் வைக்கும் அடையாளமும் கையெழுத்தாகவே கொள்ளப்படும் என்று 1897-ஆம் ஆண்டு பொது விதிகள் சட்டம் சொல்கிறது, அதனால் ரேகைக்கு எந்தக் குறையும் இல்லை. உங்கள் அப்பாவுக்கு விளங்காமல் போனது வலது கை, ஆண்களுக்கு வழக்கமாக வாங்குவது இடது பெருவிரல், அந்த வகையில் பிரச்சினை இல்லை. விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, ஸ்டாம்ப் பேடில் லேசாக ஒற்றி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் உருட்டி வையுங்கள். அழுத்தி வைத்தால் மை பரவி வெறும் கறுப்பு வட்டம்தான் விழும், ஸ்கேன் செய்தால் அதில் ஒரு கோடு கூடத் தெரியாது. முதலில் வேறு தாளில் இரண்டு முறை வைத்துப் பழகிவிட்டுக் கடிதத்தில் வையுங்கள். ரேகைக்குக் கீழேயே "இன்னாரின் இடது பெருவிரல் ரேகை" என்று சாட்சிகளில் ஒருவர் எழுத வேண்டும்.

சாட்சிகளாக உங்கள் கணவரையும் சித்தப்பாவையும் போடாதீர்கள். சட்டம் தடுக்கவில்லை, ஆனால் வீட்டுக்கு வெளியே உள்ளவர்கள் இருந்தால் கடிதத்துக்கு ஒரு கனம் வருகிறது. என் யோசனை, சாட்சிகளில் ஒருவர் அப்பாவுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவராக இருக்கட்டும். அவரிடமே, அதே நாள் தேதியிட்டு, லெட்டர்ஹெட்டில் நான்கு வரி வாங்குங்கள்: இன்ன நோய், எந்தத் தேதியிலிருந்து, வலது கையால் எழுத முடியாது, ஆனால் சொல்வதைப் புரிந்துகொண்டு முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறார். இதில் கடைசி வரிதான் மற்ற மூன்றையும் விட முக்கியம். அதிகாரம் கொடுக்கிறவருக்குக் கொடுக்கும் அளவுக்குத் தெளிவு இருந்தால்தான் அந்தக் கடிதத்துக்கு உயிர், அதற்குச் சான்று சொல்லக்கூடியவர் மருத்துவர் மட்டும்தான். பலரும் "நோயாளி மிகவும் முடியாத நிலையில் இருக்கிறார்" என்று மட்டும் சான்றிதழ் வாங்கி வருகிறார்கள், அது அவகாசம் கேட்க உதவும், கடிதத்துக்கோ எதிராக வேலை செய்யும். ரேகை என்பதால் ஒரு நோட்டரியிடமும் முத்திரை வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. கட்டாயம் என்பதால் சொல்லவில்லை, பிறகு யாரும் கேள்வி கேட்காமல் இருப்பதற்காகச் சொல்கிறேன்.

கடிதம் தயாரானதும் அதை எங்கே கொடுப்பது? இணையதளத்தில்தான். அப்பாவின் கணக்கில், `e-Proceedings` பகுதியில், அந்த நோட்டீஸுக்குப் பக்கத்தில் `Add/View Authorized Representative` என்று இருக்கும். அதில் உங்கள் விவரங்களைக் கொடுத்து, கடிதத்தை ஏற்றி, அப்பாவின் ஓ.டி.பி.யால் உறுதி செய்ய வேண்டும். இந்த ஓ.டி.பி. ஒன்றை அவருக்குத் தெரிந்து, அவர் முன்னால் போடுங்கள். உங்களுக்கும் அந்த இணையதளத்தில் உங்கள் பான் எண்ணில் சொந்தக் கணக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்றே பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம் நீங்கள் உங்கள் கடவுச்சொல்லில் உள்ளே போய், `e-Proceedings` பகுதியில் பிரதிநிதி என்ற வழியைத் தேர்ந்தெடுத்தால் அப்பாவின் நோட்டீஸ் உங்கள் திரையில் வரும், பதில் உங்கள் பெயரில், அவருக்காகப் போகும். ஒரு நடவடிக்கைக்கு ஒரு நேரத்தில் ஒரு பிரதிநிதிதான், அதனால் அண்ணனையும் சேர்த்துப் போடலாம் என்று யோசிக்க வேண்டாம். கடிதம், மருத்துவர் சான்று, இரண்டு பான் நகல்கள் எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி, 5 எம்.பி.க்குள் அடக்கிக்கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுத்தால் பக்கத்துக்கு 4 எம்.பி. வரும், தெருமுனைக் கடையில் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் எடுத்தால் கோப்பு சிறிதாக இருக்கும், ரேகையும் தெளிவாக விழும். அசல் கடிதத்தை எங்கும் அனுப்பாமல் பத்திரமாக வையுங்கள்.

இதைச் செய்யும்போதே அப்பாவின் `My Profile` பகுதியில் என்ன மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். முன்பு யாரோ கணக்குப் பார்ப்பவர் படிவம் தாக்கல் செய்து கொடுத்திருந்தால், பெரும்பாலும் அவருடைய மின்னஞ்சல்தான் அங்கே இருக்கும். அடுத்த நோட்டீஸ் அவருக்குப் போய், அவர் அதைத் திறக்காமல் விட்டாலும், அப்பாவுக்குச் சேர்ந்ததாகவே கணக்கு. அதை அப்பாவின் சொந்த மின்னஞ்சலாகவோ, நீங்கள் தினமும் பார்க்கும் ஒன்றாகவோ மாற்றுங்கள்.

பதில் எழுதும்போது "நான் மனையை விற்றேன்" என்று எழுதாதீர்கள். "வரி செலுத்துபவரின் மகளும் 288-ஆவது பிரிவின்படி அதிகாரம் பெற்ற பிரதிநிதியுமான நான், அவர் அளித்த தகவலின்படியும் இணைத்துள்ள ஆவணங்களின்படியும் தெரிவிப்பது" என்று ஆரம்பியுங்கள். அப்புறம் கேட்டிருக்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அதே எண் போட்டுப் பதில்: விற்ற பத்திரம், வாங்கிய பத்திரம், பணம் வந்த வங்கிக் கணக்கின் பக்கம், படிவத்தில் அந்த லாபத்தை எங்கே காட்டியிருக்கிறார் என்பது. உங்களுக்குத் தெரியாத ஒன்றை ஊகித்து நிரப்ப வேண்டாம். ஆவணம் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனு செய்திருக்கிறேன் என்று எழுதி மனு ரசீதை இணையுங்கள். லாபத்தைக் காட்டாமல் விட்டது தெரியவந்தால் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள், அதற்குமேல் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அபராதத்தைத் தொடும்.

வங்கிப் பக்கத்துக்கு நீங்கள் நேரே போய்க் கேட்டால் தர மாட்டார்கள். இந்தக் கடிதம் வரித் துறைக்கு மட்டுமானது, வங்கியைக் கட்டுப்படுத்தாது. அப்பாவின் கைரேகையோடு வங்கிக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுக்க வேண்டியிருக்கும். இனிமேல் கணக்கையே ரேகையில் இயக்க வேண்டும் என்பதால், கிளையில் சொல்லி ஓர் ஊழியரை வீட்டுக்கு வரவைத்து, அவர் முன்னிலையிலேயே ரேகையைப் பதிவு செய்துவிடுவது உங்களுக்குப் பல வகையில் உதவும்.

இந்தக் கடிதம் எது வரை செல்லும் என்பதைச் சொல்லியாக வேண்டும். 131-ஆவது பிரிவில் சம்மன் அனுப்பி, அவரையே சத்தியப் பிரமாணத்தின் மேல் விசாரிக்க வேண்டும் என்று அதிகாரி கேட்டால் உங்களால் அவருக்குப் பதிலாகப் போக முடியாது, 288-ஆவது பிரிவே அதை விலக்கி வைத்திருக்கிறது. அப்போது மருத்துவர் சான்றை வைத்து, வீட்டுக்கே ஆள் அனுப்பி வாக்குமூலம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மனு கொடுக்கலாம், அதற்கான அதிகாரம் அதே பிரிவில் இருக்கிறது. அடுத்தது, வருமான வரிப் படிவத்தில் அவருக்காகக் கையெழுத்திடும் உரிமை இதில் வராது. 140-ஆவது பிரிவு அதற்கு பவர் பத்திரம் கேட்கிறது. மேல்முறையீட்டுப் படிவமும் அதே வகைதான். ஆனால் அப்பாவுக்குப் புரிதல் இருக்கும் வரை, ஆதார் ஓ.டி.பி.யை அவரே பார்த்துச் சம்மதித்து உறுதி செய்ய முடிகிற வரை, படிவத்துக்காக பவர் பத்திரம் எழுத வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை.

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அப்பாவுக்கு மறுபடியும் ஒரு தாக்குதல் வந்து நினைவு தப்பினால், அந்த நாளோடு இந்தக் கடிதம் முடிந்துவிடும். பவர் பத்திரம் எழுதியிருந்தாலும் அதே கதிதான், அதிகாரம் கொடுத்தவர் சித்தம் தெளிவில்லாதவர் ஆகிவிட்டாலோ இறந்துவிட்டாலோ முகவரின் அதிகாரம் போய்விடும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு சொல்கிறது. பத்திரம் பதிவானது, பத்து வருடம் செல்லும் என்று நம்பிக்கொண்டு இருப்பவர்கள் நிறைய. அப்படி ஒரு நிலை வந்தால் பழைய கடிதத்தை வைத்துப் பதில் போடாமல், உடனே சான்றிதழோடு அதிகாரிக்குத் தெரிவித்து அவகாசம் கேளுங்கள். பாதுகாவலராக நீதிமன்றத்தில் நியமனம் பெற்று, இணையதளத்தில் பிரதிநிதி மதிப்பீட்டாளராக, அதாவது அவர் இடத்தில் நின்று வரி விஷயங்களைப் பார்ப்பவராக, பதிவு செய்வதுதான் பிறகு வழி. 2024 மே மாதம் கோமாவில் இருந்த ஒருவருக்கு அவர் மனைவியைப் பாதுகாவலராகச் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்தது, சொத்தை விற்று வைத்தியம் பார்க்கவும் அனுமதித்தது. அதனால் வழி அடைபட்டுவிடாது, ஆனால் மாதங்கள் பிடிக்கும். இப்போது அவர் தெளிவாக இருக்கும் இந்த நாட்களில் ஆவணங்களைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மனையை யாரிடம் வாங்கினார், வேலி போட என்ன செலவு, பத்திரம் எந்த பீரோவில். குழறினாலும் நேரம் கொடுத்தால் சொல்வார்.

அண்ணன் நோட்டீஸுக்கு வருவோம். இது சுலபம். அவருக்குக் கை வேலை செய்கிறது, மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டே தன் கணக்கில் நுழைந்து உங்களைப் பிரதிநிதியாகச் சேர்க்க முடியும். கடிதமும் அதே வாசகம்தான், பக்கவாதத்துக்குப் பதிலாக "பணி நிமித்தம் ஓமன் நாட்டில் வசிப்பதால்" என்று மாற்றிக்கொள்ளுங்கள், இடம் என்ற இடத்தில் கும்பகோணம் என்று போடாமல் மஸ்கட் என்றே போடச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒரு கடிதத்தில் சென்னை என்று இருந்தது, அந்தத் தேதியில் அவர் இந்தியாவிலேயே இல்லை என்று பாஸ்போர்ட் நகல் காட்டியது, இரண்டையும் அவர்களே இணைத்திருந்தார்கள். வெளிநாட்டில் எத்தனை நாள் இருந்தார் என்பதை வைத்து வரி தீர்மானிக்கும் வழக்கில் அந்த மாதிரிப் பிழை கடிதத்தோடு நிற்காது. பான் அட்டையில் உள்ள மாதிரியே கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பினால் பதிவேற்ற அது போதும், அசலைக் கூரியரில் அனுப்பிவைக்கட்டும். நோட்டீஸுக்குப் பதில் சொல்லும் கடிதத்துக்குத் தூதரகம் போக வேண்டிய தேவை இல்லை. உறவுக்குச் சான்று, உங்கள் இருவர் பான் அட்டையிலும் இருக்கும் ஒரே அப்பா பெயர்.

ஆனால் அந்த நோட்டீஸ் என்ன கேட்கிறது என்று ஒரு முறை படித்துப் பாருங்கள். 142(1) என்ற அதே எண்ணில், விவரம் கேட்காமல் "படிவம் தாக்கல் செய்யுங்கள்" என்று மட்டும் கேட்டும் நோட்டீஸ் வரும், வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே வைப்பு நிதி வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வருவது அதுதான். அப்படி இருந்தால் அவருக்குத் தேவை உங்கள் பதில் இல்லை, அவருடைய படிவம். அதை அவரே தன் நெட் பேங்கிங் வழியாக உறுதி செய்துவிடலாம். அதுவும் முடியாவிட்டால், படிவம் ஏற்றியதும் கிடைக்கும் ஐ.டி.ஆர்.-வி என்ற தாளில் கையெழுத்துப் போட்டு, படிவம் ஏற்றிய 30 நாளுக்குள் பெங்களூரு மையத்துக்குத் தபாலில் சேரும்படி அனுப்ப வேண்டும். இரண்டும் முடியாமல் நீங்கள்தான் கையெழுத்திட வேண்டும் என்ற நிலை வந்தால் மட்டும் பவர் பத்திரம். அதை மஸ்கட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பச் சொல்லுங்கள், தபால் உங்கள் கைக்கு வந்த தேதியை உறையிலேயே குறித்து வையுங்கள், அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.